பந்தல் கடைக்காரரின் ஒற்றை வரி

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரை இன்று கவனித்துக்கொள்பவரின் விண்ணப்பத்தை நான் முதலில் ஒதுக்கித்தான் வைத்தேன். ஆரப்பாளையத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்டவர். பத்தாம் வகுப்பு மதிப்பெண்களை வரிசையாக எழுதிவிட்டு, பதினோரு வருஷத் தொழிலை "சொந்தக் கடை" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அந்தக் கடையில் என்ன செய்தார் என்று எதுவும் சொல்லாத அந்த வரி எரிச்சலூட்டியதால்தான், கேட்டுவிடலாம் என்று நேரில் கூப்பிட்டேன். ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஒரு சீட்டு மேடம். சாமான் போறப்ப எண்ணுவேன், திரும்பி வாரப்ப அதே சீட்டை வச்சு எண்ணுவேன். அண்டா பத்தாதுன்னு தெரிஞ்சா, ஒரு வாரம் முன்னாடியே பக்கத்துக் கடையில சொல்லி வச்சிருவேன்."

ஸ்டோருக்கு வேண்டியதும் இதுதான். இருப்புச் சரிபார்ப்பு, முன்கூட்டியே கொள்முதல் என்று என் குறிப்பில் எழுதினேன். கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சேர்த்தேன்.

பக்கத்தில் இருந்த, ஸ்டோருக்கு மேலதிகாரியான மேனேஜருக்குச் சந்தேகம் தீரவில்லை. "முதலாளியா இருந்தவரு. இங்க ஒருத்தர் சொன்னாக் கேப்பீங்களா?"

கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"கல்யாண வீட்டுல பத்துப் பேரு பத்து விதமாச் சொல்லுவாக சார். அம்புட்டுப் பேரு சொன்னதையும் கேட்டிருக்கேன். இங்க நீங்க ஒரு ஆளுதானே."