எண்பத்தைந்தில் நின்ற கோடு

ஆறு வருடமாக ஸ்டாஃப் ரூமில் அவளும் நானும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். போளூர் பக்கத்திலிருந்து வரும் அவளுடைய பஸ் எப்போது தாமதமானாலும், முதல் பீரியடில் அவள் வகுப்புக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு சொல்லவில்லை. கணக்கு டீச்சராக இருந்தும் இதில் மட்டும் நான் கணக்கு வைக்காத முட்டாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆரணியில் ஒரு தனியார் பள்ளி. ப்ளஸ் ஒன் காமர்ஸில் ஏ பிரிவுக்கு அவள், பி பிரிவுக்கு நான் வணிகக் கணிதம் எடுத்தோம். இரண்டிலும் நாற்பது நாற்பது பேர். அடுத்த வருடம் ப்ளஸ் டூவில் இரண்டு பிரிவுக்கும் ஒரே டீச்சர்தான், இன்னொருவர் எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று பிரின்சிபால் மேடம் முன்பே சொல்லிவிட்டார். என் பி பிரிவு பத்தாவதில் தட்டுத்தடுமாறித் தேறி வந்த கூட்டம். சதவீதம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். அவர்களைப் பொதுத்தேர்வு வரைக்கும் நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் அந்தப் பள்ளியில் நான் ஆசைப்பட்டதில்லை.

மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், மாடல் தேர்வு மார்க்கை, எந்த மார்க் வரை மொத்தம் எத்தனை பேர் என்று காட்டும் குவிவு நிகழ்வெண் வளைவாக வரைந்து, கீழே அதையே பெட்டியும் இருபுறக் கோடுமாகச் சுருக்கும் பாக்ஸ் ப்ளாட்டும் போட்டு, பெற்றோர் கூட்டத்தன்று போர்டில் ஒட்டச் சொன்னார். எந்தப் பிரிவின் இடைநிலை மார்க் கூடுதலோ அந்த டீச்சருக்கு ப்ளஸ் டூ என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் விடைத்தாள் கட்டில் முழுகிக் கிடந்தேன். அவளே, ரெண்டையும் நானே வரைகிறேன், நீ அட்டவணையை மட்டும் கொடு என்றாள். கொடுத்தேன். அவரவர் பிரிவுக்கு அவரவர் கையெழுத்து போட வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். வரைந்த தாளை நீட்டினாள். ஒரு கையில் சிவப்புப் பேனா, மறு கையில் சாம்பார் சாதம். பார்க்காமல் கையெழுத்து போட்டேன். அவள் வரைந்ததை நான் எதற்காகப் பார்க்க வேண்டும்?

பிரிண்ட் கடையில் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். நாற்பது பேரில் பாதி இருபது. இடப்பக்க அச்சில் இருபதிலிருந்து நேராகப் போய் வளைவைத் தொட்டு, அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் கிடைப்பது இடைநிலை மார்க். ஏ வளைவில் ஐம்பது. என் பி வளைவில் நாற்பத்தேழு. பத்தில் தொடங்கினால் கீழ்க் கால்மானம், அவளுக்கு முப்பத்தெட்டு, எனக்கு முப்பத்தைந்து. முப்பதில் தொடங்கினால் மேல் கால்மானம், அறுபத்திரண்டுக்கு ஐம்பத்தெட்டு. கீழே இருந்த இரண்டு பெட்டிகளில் என் பெட்டி இடதுபக்கமாக ஒதுங்கி நின்றது. மேடம் அதைப் பெற்றோர்களுக்குச் சுட்டிக்காட்டி விளக்கி, அந்த மேடையிலேயே ப்ளஸ் டூ யாருக்கு என்றும் சொல்லிவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. பிள்ளைகள் மேல்கூடக் கோபம் வந்தது, அது இன்றுவரை உறுத்துகிறது.

கூட்டம் கலைந்த பிறகு என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா மட்டும் போர்டை விட்டு நகரவில்லை. பட்டுத்தறியின் ஜக்கார்டு பெட்டிக்குச் சேலை டிசைனைக் கட்டத்தாளில் போட்டுக் கொடுப்பவர். கட்டம் எண்ணுவதே அவர் பிழைப்பு. அவர் மகள்தான் தொண்ணூறுக்கு எண்பத்தெட்டு எடுத்தவள்.

"டீச்சர், எம் பொண்ணு எண்பத்தெட்டுன்னு சொன்னீங்க. இந்தக் கோடு எண்பத்தஞ்சோட நின்னுகினு இருக்குதே. அவ இதுல எங்க கீறா?"

அவர் விரல் என் பெட்டியிலிருந்து நீண்ட கோட்டின் வலதுமுனையில் இருந்தது. எண்பத்தைந்துக்கு மேல் என் வகுப்பில் ஒருவருமே இல்லை என்று அந்தத் தாள் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்கேலை எடுத்து வந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். நாற்பதிலிருந்து ஐம்பது வரை என்ற மார்க் பிரிவை முடிக்கும்போது அதுவரை மொத்தம் பதினெட்டு பேர் என்றால், அந்தப் பதினெட்டை ஐம்பதுக்கு நேராகத்தான் வைக்க வேண்டும். பிரிவு முடியாமல் அத்தனை பேரும் வந்து சேர மாட்டார்கள். ஏ வளைவில் எல்லாப் புள்ளியும் அப்படித்தான் இருந்தது. என் வளைவில் பதினெட்டு, நாற்பத்தைந்தின் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லாமே பிரிவின் நடுவில். வளைவு முழுக்க ஐந்து மார்க் இடதுபக்கம் நகர்ந்திருந்தது. திருப்பி வலதுக்குத் தள்ளினால் என் இடைநிலை ஐம்பத்திரண்டு. அவளை விட இரண்டு அதிகம்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஓடிப்போய் அவளிடம் காட்டினேன். நிகழ்வெண் பலகோணம் என்ற படத்துக்குத்தான் நடுப்புள்ளி, பழக்கத்தில் கை போய்விட்டது என்றாள். சரி, வா, மேடத்திடம் சொல்லலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள்.

மேடம் ஸ்கேலை வாங்கி அவரே அளந்து பார்த்தார். தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, கீழே இருந்த என் கையெழுத்தில் விரலை வைத்து, இதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அவங்க செக் பண்ணிதான் கையெழுத்து போட்டாங்க, மேடம்."

ஆறு வருடமாக நான் அவளுக்கு 'நீ'. அந்த அறையில் 'அவங்க' ஆனேன்.

மேடம் ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார். பெற்றோர் முன்னால் அறிவித்தாகிவிட்டது, மாற்றினால் பள்ளிக்குத்தான் கேவலம் என்றார். பிறகு, "ரெண்டு மார்க் ஒரு வித்தியாசமா, மிஸ்?" என்றார். காலையில் மூன்று மார்க் வித்தியாசமாக இருந்தது. அதை வைத்து என்னை எட்டாம் வகுப்புக்கு அனுப்ப முடிந்தது. இரண்டு மார்க்கை வைத்து என்னைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை. நல்ல கணிதம்.

வராந்தாவில் அவளை நிறுத்தினேன். தெரிந்துதான் செய்தாயா என்று மட்டும் கேட்டேன். அவள் பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியும் இருப்பேன்.

"வரையும்போது தெரியாது. உங்கிட்ட நீட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. நீ பாத்துடுவ, மாத்திக்கலாம்னு நெனச்சேன். நீ பாக்கவே இல்ல. நானும் விட்டுட்டேன்."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என் கண்ணில் இல்லை. தப்பாக வரைந்ததை மன்னித்திருப்பேன், நானே போர்டில் எத்தனை முறை தப்பாக வரைந்திருக்கிறேன். நான் பேனாவைத் தாளில் வைத்து, பெயரை எழுதி முடிக்கும் வரை அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்லவில்லை. அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தாள்.

"உன் பசங்கள நான் நல்லா பாத்துக்கறேன்."

உண்மையாகத்தான் சொன்னாள். பார்த்துக்கொள்ளவும் செய்தாள், நாற்பது பேரும் தேறினார்கள். அடுத்த வருடம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் பழைய பிள்ளைகள் இனிப்புப் பெட்டியோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, அவளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போனை என்னிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.