ஆனந்தமேரி கடையில் திரை இருண்ட காலை

வடக்கனந்தல் கடைத்தெருவில் ஆனந்தமேரியின் கடைக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ மூடியபோது அவள் வாங்கிய பழைய பெட்டி அது. அதை வைத்துத்தான் ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்களை அனுப்பிவந்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். கடை ஆரம்பித்தபோது, "பொம்பள நடத்துற கம்ப்யூட்டர் கடை எத்தினி நாளைக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. கடை ஆறாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த 2020 டிசம்பரில் ஒரு நாள். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பேருந்து, அதற்கு மேல் போக முடியாமல் வடக்கனந்தலிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கிய பச்சையம்மாளும் அவள் மகள் மணிமொழியும் நேராக ஆனந்தமேரி கடைக்கு வந்தார்கள். மணிமொழி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. கையில் சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் பை.

"உக்காருங்கம்மா, பத்தே நிமிசம்" என்று ஆனந்தமேரி சுவிட்சைப் போட்டாள்.

பெட்டிக்குள் மின்விசிறி சுற்றியது. விளக்கும் எரிந்தது. ஆனால் திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு வரி வந்து, அப்புறம் இருட்டு.

மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாள். பெட்டிப் பக்கமும் அப்படியே. மாற்றமில்லை. மானிட்டரின் அடியில் இருந்த பொத்தானை அழுத்தி, எந்த வழியாகப் படம் வரவேண்டும் என்ற இன்புட்டை எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றினாள். அதிலும் ஒன்றும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் பழுது பார்க்கும் தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள்.

"மதர்போர்டு போயிருக்கும்மா. ரோடெல்லாம் மறிச்சிக்கினு இருக்காங்க, இன்னிக்கு வர முடியாது. நாளான்னிக்குப் பாக்கலாம்."

போனை வைத்தபோது பச்சையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். "நாங்க இன்னா பண்றதுங்க? மலைக்குத் திரும்பவும் பஸ் இல்லீங்க."

ஆனந்தமேரி விசைப்பலகையில் நம்லாக் விசையைத் தட்டினாள். அதன் சின்ன விளக்கு எரிந்தது. இன்னொரு தட்டுக்கு அணைந்தது.

"போர்டு போயிருந்தா இது எரிஞ்சி அணையாது. உள்ள ஓடிக்கினுதான் இருக்கு. படம்தான் வெளிய வரல" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நேற்று சாயங்காலம் சுவரில் பிளக்பாயின்ட் மாற்ற எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். மேசையை இழுத்து எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, இருட்டில் திரும்பச் செருகியது அவள்தான். போன் வெளிச்சத்தோடு பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றல்ல, இரண்டு இருந்தன. மேலே, யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் ஒன்று, அது மதர்போர்டினுடையது. கீழே குறுக்காகப் படுத்திருந்த தகட்டில் இன்னொன்று. ஸ்டூடியோக்காரர்கள் போட்டோ வேலைக்காகத் தனியாகப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டு அது. கார்டு போட்ட இந்தப் பெட்டியில் படம் கார்டு வழியாகத்தான் வெளியே வரும். கேபிளோ மேல் துளையில் இருந்தது.

"நான் பண்ண வேலதான்" என்றபடி கேபிளைக் கீழே மாற்றினாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் 'நோ சிக்னல்'.

மணிமொழி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனந்தமேரி நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து கைவைத்தவற்றை முதலிலிருந்து யோசித்தாள். கேபிள். பொத்தான். பொத்தானை அழுத்தி வி.ஜி.ஏ.வில் விட்டது அப்படியேதானே இருக்கிறது? படம் வருவது ஒரு வழி, மானிட்டர் காத்திருப்பது வேறு வழி.

மானிட்டருக்கு அடியில் விரலை விட்டு எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றினாள். இரண்டு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் திரை முழுக்க, கோமுகி அணையில் அவள் எடுத்து வைத்திருந்த படம் விரிந்தது.

"வந்துட்ச்சிங்க" என்றாள் மணிமொழி மெதுவாக.

பன்னிரண்டேகாலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எண்ணோடு அச்சான தாளைப் பச்சையம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஆளே வராம நீங்களே பாத்துட்டீங்களே" என்றாள். ஆனந்தமேரி சிரித்தாள். மனசுக்குள் அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பையோடு வந்த தெய்வசிகாமணியிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அவர் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தார். "கேபிள் எதுல சொருவியிருக்குன்னு நான் போன்ல கேக்காம வுட்டது தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் வடக்கனந்தல் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டாலும், "மொதல்ல மேரியம்மாகிட்ட காட்டுங்க, அவங்களால முடியலன்னா நான் வர்றேன்" என்பார்.

பொங்கலுக்குள் ஆனந்தமேரி கடைப்பலகையில் ஒரு வரியைக் கூடுதலாக எழுத வைத்தாள்: 'கம்ப்யூட்டர் பழுதும் பார்க்கப்படும்.' பெயின்டர் அதைச் சின்ன எழுத்தில் எழுதப் போனார்.

"பெருசாவே எழுதுங்க" என்றாள்.