கிருத்திகை நாளின் மோர்க்குழம்பு

அன்று நான் அனுப்பிய மோர்க்குழம்பு கெட்டுப்போயிருந்ததா, இல்லையா? நான்கு மாதமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திருத்தணியில் எங்கள் வீட்டிலிருந்து அப்போது பதினான்கு பேருக்கு மதியச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. பத்துப் பேர் கல்லூரி மாணவர்கள், பைபாஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். நான்கு பேர் கம்பெனியில் வேலை செய்யும் தம்பிகள். ஆளுக்கு இரண்டு செட் டப்பா. ஒன்று போகும்போது முந்தின நாளின் காலி டப்பா திரும்பி வரும். எது யாருடையது என்று தெரிவதற்கு மூடியில் நெயில் பாலிஷால் எண் போட்டு வைத்திருக்கிறேன். சமையல் என்னுடையது. கொண்டுபோய்க் கொடுப்பது என் கணவர், எங்கள் ஒரே ஸ்கூட்டரில். காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் அன்றைய சமையலைப் போட்டுவிடுவேன். அன்று சாப்பாடே வேண்டாதவர்கள் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.

கிருத்திகை அன்று நான் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அதனால் பூசணிக்காய் மோர்க்குழம்பு, ரசம், பீன்ஸ் பொரியல் என்று முடிவு செய்திருந்தேன். காலையில் இரண்டரை வயது மகளை வைத்துக்கொண்டு எல்லாம் அரைக்க முடியாதே என்று, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், ஊறவைத்த பருப்பு எல்லாவற்றையும் முந்தின மாலையே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர். ஐஸ் உருகி ஓடியிருந்தது. இரவில் மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

விழுதை மோந்து பார்த்தேன். தேங்காய் வாசனைதான் வந்தது. நாக்கில் வைத்தேன். சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. திரும்ப அரைக்க வீட்டில் ஒரு மூடி தேங்காய்கூட இல்லை. கடைக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தயிரில் கலந்து, நுரை கட்டி வந்ததும் இறக்கினேன். பதினொன்றரைக்கு மகளுக்குக் கொஞ்சம் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு டப்பாக்களைக் கட்டினேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் கிளம்பினார்.

அவர் போய்ப் பதினைந்து நிமிடத்தில் குழந்தை வாந்தி எடுத்தாள்.

அவளைக் கழுவித் துடைத்துவிட்டு, சட்டியில் மீதி இருந்த குழம்பை ஒரு கரண்டி வாயில் ஊற்றினேன். புளித்தது. மோர்க்குழம்பு புளிக்கத்தானே செய்யும்? இது தயிரின் புளிப்பா, கெட்டுப்போன தேங்காயின் புளிப்பா? இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டிக்குப் பிறகு என் நாக்கு எதையும் சொல்லவில்லை. அப்படியே பத்து நிமிடம் போனது. உடனே கூப்பிட்டிருந்தால் டப்பாக்கள் வண்டியிலேயே இருந்திருக்கும்.

நான் கூப்பிட்டபோது அவர் கம்பெனித் தம்பிகளின் டப்பாக்களைக் கொடுத்து முடித்து, கல்லூரி வாசலில் வாட்ச்மேன் பெஞ்சில் பத்து டப்பாவையும் வைத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் கிருத்திகைக் கூட்டத்தில் மாட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பால் குடிச்சிட்டு ஓடிகினு இருந்தா, கக்கியிருப்பா. அதுக்கு இன்னா இப்போ?"

"குழம்பு புளிக்குதுங்க."

"மோர்க்குழம்பு புளிக்காம இனிக்குமா? கெட்டுப்போச்சுன்னு நீயே குரூப்ல போட்டுட்டா நாளைக்கி எவன் நம்ம டப்பாவ தொறப்பான்? பேசாம இரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு அறையில் ஒருவன் விலகினால் அந்த அறையே விலகும். ஆனால் அன்று பிற்பகல் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு என்று எனக்குத் தெரியும். இடைவேளை பன்னிரண்டே முக்காலுக்கு. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. 'யாரும் இன்றைய மோர்க்குழம்பைச் சாப்பிட வேண்டாம். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரசமும் பொரியலும் நன்றாகவே இருக்கின்றன. மன்னித்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிவிட்டேன்.

யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தபடி நின்றேன். ஒரு மணிக்குள் பதின்மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். பார்க்காதவன் ஒருவன்தான். ஏழாம் எண் டப்பா. புத்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கி, இரவு ஷிஃப்டுக்குப் போகிற தெலுங்குக்காரத் தம்பி. காலையில் வந்து படுப்பான், மதியம் எழுந்ததும் முதல் வேலை சாப்பாடு. கதவில் இருக்கும் ஆணியில் என் கணவர் டப்பாவை மாட்டிவிட்டு வந்துவிடுவார். ஆறு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அறைக்கு நடந்தேன். மலைக்குப் போகும் வழியெல்லாம் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள். எந்த ஆட்டோவும் நகரவில்லை. குழந்தையின் உடம்பு சுடுவதுபோல இருந்தது. வெயிலா, காய்ச்சலா? இவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடாமல் யாருடைய சாப்பாட்டுக்காகவோ ஓடுகிறேனே என்றும் தோன்றியது. இருபது நிமிட நடை.

ஆணியில் டப்பா இல்லை. கதவைத் தட்டினேன். ஈரக் கையோடு வந்து திறந்தான். பின்னால் தரையில், கழுவிக் கவிழ்த்த டப்பா.

"தம்பி, மோர்க்குழம்பு?"

"ஆங், அதத்தான் மொதல்ல முடிச்சேன் அக்கா. சூப்பரு."

நான் சொன்னதும் அவன் முகம் மாறியது. உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். கொஞ்சம் யோசித்து, இருக்கிறதுபோலவும் இருக்கிறது என்றான். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் அவனைக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. ஆனாலும் நடு ஷிஃப்டில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அவன் அன்று கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

மாணவர்களில் ஒருவன் செய்தியைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக் குழம்பைச் சாப்பிட்டிருந்தான். மாலையில் குழுவில் அவன் எழுதியதைப் படித்து என் கணவர்கூடச் சிரித்தார். 'அக்கா, சாப்பிடும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உங்க மெசேஜப் பாத்தப்புறம்தான் வயித்தக் கலக்குச்சு.'

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மகளுக்குச் சாயங்காலம் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் போனது. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டால் இருக்காது, வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்லுங்கள் என்றேன். உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார். மீதிக் குழம்பை வைத்திருந்தால் சோதிக்கவாவது முடிந்திருக்கும். பதற்றத்தில் அன்றே கொட்டிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் எடுத்து மறுநாள்வரை ஃபிரிட்ஜில் வைக்கிறேன். தேங்காயை அன்றன்று காலையில்தான் அரைக்கிறேன்.

அந்த வாரமே ஒரு அறையிலிருந்து நான்கு மாணவர்கள் விலகினார்கள். என் கணவர் காலி டப்பாக்களை அலமாரியில் அடுக்கும்போது கொஞ்சம் சத்தம் வந்தது. அப்புறம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து சொல்கிற வீடு என்று யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை. நன்றாக இருந்த குழம்பைக் கெட்டதென்று சொல்லி ஒருவனுடைய ஒருநாள் வேலையைக் கெடுத்தேனா? கெட்ட குழம்பை அனுப்பிவிட்டு, ஏதோ நல்ல நேரத்தால் தப்பித்தேனா?

அதற்குப் பிறகு நான் மோர்க்குழம்பே வைக்கவில்லை. நேற்று குழுவில் அந்த ஏழாம் எண் தம்பி கேட்டிருக்கிறான்: 'அக்கா, வெள்ளிக்கிழமை கிருத்திகை. மோர்க்குழம்பு உண்டா?' கீழே ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் போடவில்லை.

பிறருக்குச் சமைத்து அனுப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். புளித்தே இருக்க வேண்டிய குழம்பில் கெட்ட புளிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? டப்பா கையைவிட்டுப் போனபிறகு சந்தேகம் வந்தால், உறுதியாகத் தெரியும்வரை பொறுப்பீர்களா, தெரியாமலே சொல்லிவிடுவீர்களா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.