எண்பதாம் சூக்தம்

எழுபதுகளின் கடைசியில் கல்முனைச் சந்தைக்கருகே தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். என் தட்டச்சில் பிழை வராது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பாண்டிருப்பிலிருந்து இந்து நாகரிகம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தன் முதுகலை ஆய்வைக் கொண்டுவந்தார். தண்ணீருக்குப் போகும் வழியில் சோமக் கொடியைக் கண்டெடுத்து, தகப்பனின் வழுக்கைத் தலையும் வயலும் முளைக்கட்டும் என்று இந்திரனிடம் கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றிய இருக்கு வேதப் பாட்டுத்தான் அதன் உயிர். நான் முஸ்லிம். இதெல்லாம் எனக்குப் புதிது.

"8.91.1 எண்டு இருந்தா, முதல் எண் மண்டலம், அடுத்தது சூக்தம், மூண்டாவது மந்திரம். அது வரி எண் இல்ல தம்பி. ஒரு மந்திரம் ரெண்டு மூண்டு வரியில வரும்" என்று விளக்கினார். சரிபார்க்கத் தேவைப்படும் என்று, தான் பாவித்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பையும் விட்டுப்போனார்.

பாதி வேலையில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிரதி அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் பாட்டு கைப்பிரதி முழுக்க 8.91 என்றிருக்க, நான்காம் இயலில் ஒரேயொரு இடத்தில் 8.80 என்றிருந்தது. ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் எண்பதுதான். மனுசன் காய்ச்சல் வருவதற்கு முன்பே உளறியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே, எல்லா இடத்திலும் எண்பது என்று அடித்தேன். அவர் படுக்கையில் கிடந்தபடி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

சில மாதங்களின் பின் மெலிந்துபோய் வந்தார். பரீட்சகர் ஆய்வை நிராகரித்திருந்தார். 8.80இல் அப்படியொரு பெண்ணே இல்லை, ஆய்வாளர் மூலநூலைத் திறந்தும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். பதிவுக் காலமும் அத்தோடு முடிந்துவிட்டது.

"எட்டாம் மண்டலத்துக்கு நடுவுல வாலகில்யம் எண்டு பதினொரு சூக்தம் இருக்கு. ஆங்கிலக்காரர் அதத் தூக்கிக் கடைசியில போட்டுட்டார். அதால பின்னுக்கு வாறதெல்லாம் அவர்ர புத்தகத்துல பதினொண்டு குறையும். நம்மட எண் சமஸ்கிருதப் பதிப்பின்படி எண்டு முன்னுரையிலயே எழுதினனே."

அந்த முன்னுரையையும் நான்தான் அடித்தேன்.

"அந்தப் புத்தகத்து எண்ண ஒரு இடத்துலதான் மாத்த மறந்தன் எண்டு நினைச்சன். கைப்பிரதி கிடக்கா தம்பி? அதக் காட்டினா இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாம்."

அது என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அவர் அதைப் பார்த்தால், மாற்றியது யார் என்று தெரிந்துவிடும்.

"இல்ல சேர். தட்டி முடிஞ்சா எறிஞ்சிருவம்."

அவர் பரீட்சகரின் குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப நான்தான் முழுக்கப் பிழையா எழுதியிருக்கன், என்ன?"

"ஓம் சேர்" என்றேன்.