மாதம் பதினைந்தாயிரம்

மகனுக்கு அடுத்த மாதம் ஓய்வு. திருச்சியில் வங்கிக்குப் போகையில் என்னையும் அழைத்துப் போனான். ஓய்வூதியக் கணக்கில் முப்பது லட்சம் இருந்தது. பதினெட்டு லட்சத்தை மொத்தமாக எடுத்து ஸ்ரீரங்கத்தில் சின்ன வீடு வாங்குவது, அப்புறமும் மாதம் பதினைந்தாயிரம் பென்ஷன் வரும் என்பது அவன் எண்ணம். நானும் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

வங்கிப் பெண் நிதானமாகச் சொன்னாள். "முப்பதையும் பென்ஷனுக்கே போட்டாத்தான் பதினஞ்சாயிரம் சார். நீங்க எடுக்கறது போக பன்னெண்டு லட்சம்தானே இருக்கும்? ஆறு சதவீதம்னு வச்சா வருஷம் எழுபத்திரெண்டாயிரம், மாசம் ஆறாயிரம். பென்ஷன் திட்டம் வாங்குற அன்னிக்கு வட்டி கூடலாம், குறையலாம்."

"பத்து லட்சம் மட்டும் எடுத்தா?" என்று மகன் கேட்டான்.

"மாசம் பத்தாயிரம் வரும்."

"பத்து மட்டும் எடுடா. வீடு வேண்டாம்" என்றேன்.

"தெருவில என்னம்மா சொல்லுவே?" என்றான் பஸ் ஏறும்போது.

காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் பதில் தேடினேன்.