அளந்து காட்டுவர்

செவிலியர் பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. பொய்யில்லை. பல வருடம் வார்டில் மாரடித்துவிட்டு ஆசிரியை ஆனவள். இரத்த அழுத்தத்தைக் குத்துமதிப்பாக எழுதிவைக்கும் நர்சுகளைப் பார்த்துப் பார்த்தே அந்த முகம் அமைந்துவிட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வு அதிகாரி அவள் வகுப்பில் உட்கார்ந்து எழுதப்போகும் அறிக்கைதான் அதைத் தீர்மானிக்கும்.

பாடத்திட்டத்தில், நோக்கம் என்ற இடத்தில், 'மாணவியர் இரத்த அழுத்தத்தைச் சரியாக அளந்து காட்டுவர்' என்று எழுதியிருந்தாள். அளக்கும் கருவிகளோ முதல்வர் அறையில், கண்ணாடி அலமாரிக்குள். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடுமாம். ஆய்வுக்கு வருபவர் கண்ணில் பளபளவென்று பட வேண்டுமாம்.

"வீடியோ போட்டுக் காட்டுங்க. கடைசியில படிகளை எழுதச் சொல்லுங்க. எல்லாரும் முழு மார்க் வாங்கிடுவாங்க," என்றார் முதல்வர்.

"அளக்கத் தெரியணும்னு நோக்கம் எழுதிட்டு, படம் காட்டி, காகிதத்துல பரீட்சை வச்சா எப்படி மேடம்? அதிகாரி முதல்ல அதைத்தான் பிடிப்பாரு."

"அப்ப நோக்கத்தை மாத்துங்க. 'படிகளைக் கூறுவர்'னு போடுங்க. நோக்கம், பாடம், பரீட்சை மூணும் ஒட்டிக்கும்ல?"

ஒட்டிக்கொள்ளும்தான். எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் இந்தப் பிள்ளைகள் வார்டுக்குப் போகிறார்கள். அங்கே நோயாளியிடம் படிகளை ஒப்பித்துவிட்டு வருவார்களா? பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நோக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அதன் கீழே எழுதினாள். செயல்பாடு: இருவர் இருவராக ஒருவருக்கொருவர் அளந்து பழகுதல். மதிப்பீடு: ஒவ்வொருத்தியும் அளக்கும்போது, இரட்டைக் குழல் ஸ்டெதாஸ்கோப்பில் ஆசிரியையும் கூடவே கேட்டு, செய்முறையையும் அளவையும் சரிபார்த்தல்.

ஆய்வு நாளில் அதிகாரியும் முதல்வரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். திட்டத்தைப் படித்துவிட்டு அதிகாரி நிமிர்ந்தார். "கருவி எங்கம்மா?"

அவள் முதல்வரைப் பார்த்தாள். "மேடம், அலமாரிச் சாவி வேணும்."

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சாவி வந்தது.

கருவிகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. ஒருத்தி பட்டையை மேற்கையில் சுற்றாமல் முழங்கை மூட்டின் மீதே சுற்றினாள். இன்னொருத்தி காற்றைச் சட்டென்று திறந்துவிட, முள் சர்ரென்று கீழே விழுந்தது. அவளுக்கு ஒரு துடிப்பும் கேட்கவில்லை. ஆசிரியை திருத்தித் திருத்திப் பழக்கியும், மதிப்பீட்டில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. போனால் போகிறதென்று யாருக்கும் ஒரு மார்க்கும் அவள் போடவில்லை.

"நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு மூணும் ஒழுங்கா பொருந்துது," என்றார் அதிகாரி. "ஆனா பிள்ளைங்களுக்கு அளக்க வரலையே. அதையும் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். அதைக் கண்டுபிடிக்கத்தானே மதிப்பீடு வச்சேன்."

அவர் போனதும் முதல்வர் கையை நீட்டினார். "மானத்தை வாங்கிட்டீங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. சாவியைக் குடுங்க."

"தர மாட்டேன் மேடம். தேறாதவங்க நாளைக்குக் காலையில மறுபடி அளக்கணும்."