புஸ்பவதி அக்காவின் வலது கை

புஸ்பவதி அக்காவின் கையை அந்த மெஷினுக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபமெல்லாம் அடுத்தவர்கள் மேல் மட்டும்தான் என்று நினைத்துவிடுவீர்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பீலெஃபெல்ட் நகரில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் காசு வாங்கும் மேசையில் இருப்பவள் நான், தேனுஜா. அக்கா எங்கள் வெள்ளிக்கிழமை வாடிக்கை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை. இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்து வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டார். கடற்கரையில் பிறந்தவர், ஆனால் பொம்பிளைப் பிள்ளை என்று முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லையாம். ஐம்பத்திரண்டாவது வயதில் நகர நீச்சல் குளத்தில் பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்தார். அது அவருடைய கணவர் தங்கராசா அண்ணைக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் வேலை பிந்தும் என்று சொல்லியிருந்தார்.

அதற்கான காசு என்னிடமிருந்துதான் போகும். சாமானுக்கு வங்கி அட்டையால் கட்டும்போது, "பிள்ளை, இருபது யூரோ கையில தாரும்" என்பார். கடையிலேயே காசு எடுக்கலாம், இங்கே அது வழக்கம். இருவருக்கும் பொதுவான வங்கிக் கணக்கின் பட்டியலில் கடையின் பெயரும் மொத்தத் தொகையும்தான் விழும். அந்த இருபது யூரோ அக்காவுடையது. யாரும் ஏன் என்று கேட்காத இருபது யூரோ.

போன இலையுதிர் காலத்தில் உள்ளங்கையால் கட்டும் மெஷின் வந்தது. ஃபோன் வேண்டாம், அட்டை வேண்டாம், கையைக் காட்டினால் போதும். ஊழியர் அறையில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள். யார் எத்தனை பேரைப் பதிந்தார்கள் என்று பெயருக்கு நேரே கோடு. எனக்கும் கோடு வேண்டியிருந்தது, வெட்கக்கேடு.

அண்ணையே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவா பர்ஸை பஸ்ஸில விட்டிடுவா. இது நல்ல விஷயம்தானே" என்றார். அக்காவின் அட்டையை அண்ணை செருகினார். இரகசிய எண்ணை அக்கா அழுத்தினார். ஃபோன் எண் கேட்டபோது அண்ணை தன்னுடையதைப் போட்டார். 'சம்மதிக்கிறேன்' என்று திரையில் வந்ததையும் அவர்தான் அழுத்தினார். விரல் அவருடையது, கை அக்காவுடையது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மெஷின் கையைப் படிக்கவில்லை. அது ரேகையைப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடித்து, தோலுக்குக் கீழே ஓடும் இரத்த நாளங்களின் அமைப்பைப் பிடித்து, அதை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. கை குளிரில் விறைத்திருந்தால் நாளங்கள் சுருங்கிவிடும், சரியாகத் தெரியாது. நான் அக்காவின் கையை என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன். ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டினேன். பச்சை வெளிச்சம் வந்தது. எனக்கு ஒரு கோடு.

அண்ணை அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "இனி உமக்கு இது தேவையில்லை."

அடுத்த வெள்ளி அக்கா வழக்கம்போல இருபது யூரோ கேட்டார். கையால் கட்டினால் காசு எடுக்க முடியாது, அதற்கு அட்டை வேண்டும். சொன்னேன். "ஓம், பரவாயில்லை" என்று போய்விட்டார். நீச்சல் குளத்தின் பத்துத் தடவைச் சீட்டில் இன்னும் மூன்று மீதி இருக்கிறது என்று பிறகு சொன்னார். அது மட்டும்தான் மிச்சம்.

பழைய நீச்சல் உடுப்பு குளோரினில் பிய்ந்துபோயிருந்தது. எங்கள் கடையில் மலிவு விலையில் வந்தபோது அக்கா ஒன்றை எடுத்து, வெங்காயத்துக்கும் பாலுக்கும் நடுவில் வைத்தார். கையைக் காட்டினார். பச்சை. நான் பாலைக்கூடப் பைக்குள் வைத்து முடிக்கவில்லை, அக்காவின் ஃபோன் அடித்தது. சாமான் சாமானாகப் பிரித்து எழுதிய பற்றுச்சீட்டு அண்ணையின் ஃபோனுக்குப் போயிருந்தது.

"என்னடி இது, நீச்சல் உடுப்பு? ஆருக்கு?"

ஃபோனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அக்கா உடுப்பை மேசையில் திரும்ப வைத்தார். உடுப்பைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கணக்கில் மீளப் போடுவதற்கும் அந்தக் கையையே காட்டவேண்டியிருந்தது.

ஐம்பத்து நாலு வயது மனுசி! தன் உழைப்பில் ஒரு உடுப்பு வாங்க முடியாதா? மேலாளரிடம் போனேன். "அது குடும்ப விஷயம், பதிவு எல்லாம் சரியாக நடந்திருக்கிறது" என்றார். என்ன சரி? ஒருவரின் உடம்பை எடுத்து இன்னொருவரின் ஃபோனில் கட்டிவிட்டு, அதற்குப் பெயர் வசதியா? அன்றைக்குத்தான் மெஷினோடு வந்த தகவல் தாளை முழுதாக வாசித்தேன். நாற்பது பேரைப் பதிந்த பிறகு! கை யாருடையதோ அவர்தான் சம்மதிக்கவேண்டும், எப்போது வேண்டுமானாலும் அவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

அடுத்த வெள்ளி அக்காவிடம் சொன்னேன். "அக்கா, உங்கட கையை வைச்சு நீங்களே அழிக்கலாம். வேற ஒருத்தரும் தேவையில்லை."

"அவருக்குத் தெரிய வருமோ?"

"வரும். ஃபோனுக்குச் செய்தி போகும்."

அக்கா மெஷின் பக்கம் திரும்பினார். "போகட்டும்" என்று கையை வைத்தார். 'நீக்கு' என்பதைத் தன் விரலாலேயே அழுத்தினார்.

சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் இருவரும் வந்தார்கள். அண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. நேரே மெஷினுக்குப் போய் அட்டையைச் செருகினார். "கையை வை" என்றார்.

அக்காவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"உனக்குத்தானப்பா சொல்லுறன். வை."

கைகள் வெளியே வரவில்லை. அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் சொல்லும் இவாவுக்கு."

"அண்ணை, அவ்வளவு நல்ல விஷயமெண்டால் உங்கட கையைப் பதியுங்கோவன். இரண்டு நிமிசம்தான்."

"என்ர கையோ?" அண்ணை கையைச் சட்டென்று பின்னால் கொண்டுபோனார். "விசரோ உமக்கு? என்ர கையை நான் ஏன் கண்டவன்களுக்கும் குடுக்கவேணும்? என்ன செய்வாங்களோ ஆருக்குத் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கவேண்டும்.

திரையில் ஒரு கையின் படம் விட்டு விட்டு ஒளிர்ந்தது. உள்ளங்கையைக் காட்டவும், உள்ளங்கையைக் காட்டவும். யாரும் காட்டவில்லை. நேரம் முடிந்ததும் மெஷின் அட்டையை வெளியே தள்ளியது.

அப்போதுதான் அக்காவின் வலது கை பைக்குள்ளிருந்து வந்தது. அட்டையை உருவி எடுத்து, அதிலிருந்த பெயரை அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தது.

"இதில ஆற்ற பேர் கிடக்கு? வாசியுங்கோ."

அண்ணை வாசல் பக்கம் நகர்ந்தார்.

அக்கா உள்ளே போய் அந்த உடுப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அட்டையைச் செருகி, இரகசிய எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார்.

"இருபது யூரோவும் தாரும், பிள்ளை" என்றார், வாசலில் நின்ற அண்ணைக்கும் கேட்கும்படி. "செவ்வாய்க்கிழமை எனக்கு நீச்சல் இருக்கு."